அவகாசம் கேட்கும் மின்னஞ்சலில் தேதி எங்கே?

2025 அக்டோபர் 13, திங்கட்கிழமை. இரவு 11.52க்கு என் கைப்பேசியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. பொருள் வரி காலி. உள்ளே இவ்வளவுதான்:

"மேடம், எனக்கு உடம்பு சரியில்லை. ஹாஸ்பிட்டலில் இருந்தேன். அசைன்மென்ட் முடிக்கவில்லை. தயவுசெய்து கொஞ்சம் டைம் கொடுங்கள் மேடம். ப்ளீஸ்."

கீழே பெயர் இல்லை. அனுப்பிய முகவரியில் ஒரு பூவின் பெயரும் நான்கு எண்களும் இருந்தன. கூடவே ஒரு படம்: குளுக்கோஸ் ஏறும் ஊசியும் வெள்ளைப் பிளாஸ்திரியுமாக ஒரு கை.

முதுகலை வரலாறு முதலாண்டில் எனக்கு 46 மாணவர்கள். அசைன்மென்ட்டுக்கு அன்று நள்ளிரவோடு கெடு முடிகிறது. அந்தக் கை 46 பேரில் யாருடையது என்று எனக்கு எப்படித் தெரியும்? மறுநாள் வருகைப் பதிவேட்டைப் புரட்டி, வகுப்புப் பிரதிநிதியைக் கூப்பிட்டு விசாரித்த பிறகுதான் ஆள் தெரிந்தது. நன்றாகப் படிக்கிற பெண். டெங்கு வந்து நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாள். அவகாசம் கொடுக்காமல் இருப்பேனா? கொடுத்தேன். ஆனால் "எத்தனை நாள் வேண்டும்?" என்று நான் கேட்க, "நீங்கள் சொல்வதுபோல் மேடம்" என்று அவள் எழுத, "எவ்வளவு முடிந்திருக்கிறது?" என்று நான் மறுபடி கேட்க, அக்டோபர் 23 என்று முடிவாவதற்குள் இரண்டு நாள் அதிலேயே போனது. காய்ச்சலிலிருந்து எழுந்தவளுக்கு அந்த இரண்டு நாள் பெரிது.

செமஸ்டர் முடிந்த பிறகு ஒருநாள், அந்த மின்னஞ்சல் எப்படி இருந்திருக்க வேண்டும் என்று அவளோடு உட்கார்ந்து மீண்டும் எழுதிப் பார்த்தேன். கீழே உள்ளவை அன்று பேசியவை. திருத்தி எழுதிய கடிதமும் உண்டு.

செய்ய வேண்டியவை

தேதியை நீங்களே சொல்லுங்கள். சொல்வதற்கு முன் கணக்குப் போடுங்கள்.

மற்ற எதை விட்டாலும் இதை விடாதீர்கள். "கொஞ்சம் டைம்" என்று கேட்டால் முடிவெடுக்கும் வேலையைப் பேராசிரியர் தலையில் கட்டுகிறீர்கள். உங்களிடம் எத்தனை பக்கம் பாக்கி, ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் உட்கார முடியும், இதெல்லாம் அவருக்குத் தெரியாது. தெரிந்தவர் நீங்கள்தான். "23ஆம் தேதி மாலை 4 மணிக்குள் தருகிறேன்" என்று எழுதிவிட்டால் அவர் "சரி" என்று ஒரே சொல்லில் பதில் போடலாம். இரண்டு வகுப்புகளுக்கு இடையே, நடைவழியில் நின்றுகொண்டே போடக்கூடிய பதில் அது. யோசிக்க வைக்கும் கடிதங்கள் "அப்புறம் பார்க்கலாம்" என்று ஒதுக்கப்படும். ஒதுக்கப்பட்டவை அடியில் போய்ச் சேரும்.

தேதியை இரண்டு பக்கத்திலிருந்தும் கணக்கிட வேண்டும். முதலில் உங்கள் பக்கம். அந்தப் பெண்ணின் அசைன்மென்ட் உத்திரமேரூர் கல்வெட்டுகளைப் பற்றியது. வைகுந்தப் பெருமாள் கோயிலில் உள்ள, முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இரண்டையும் படித்து, குடவோலை விதிகள் இடையில் எப்படித் திருத்தப்பட்டன என்று 12 பக்கத்தில் எழுத வேண்டும். காய்ச்சலுக்கு முன்பே ஏழு பக்கம் எழுதிவிட்டாள். அப்போது பாக்கி என்ன இருந்தது என்று கேட்டேன். "நிறைய இருந்துச்சு மேடம்" என்றாள். நிறைய என்பது அளவல்ல. ஒரு தாளை எடுத்து எழுதினோம். இரண்டு கல்வெட்டுகளின் விதிகளையும் ஒப்பிடும் அட்டவணைக்கு 4 மணி நேரம், கடைசி இரண்டு பகுதிகளுக்கு 5 மணி நேரம், அடிக்குறிப்பும் திருத்தமும் 2 மணி நேரம். ஆக 11 மணி நேரம்.

உடம்பு நன்றாக இருந்தால் இரண்டே நாளில் முடிகிற வேலை. டெங்கு வந்து எழுந்தவருக்கு அப்படி இல்லை. காய்ச்சல் விட்டதும் நோய் போய்விட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற அந்த ஓரிரு நாட்களைத்தான் மருத்துவர்கள் கவனமாகப் பார்ப்பார்கள். தட்டணுக்கள் குறைவதும் ரத்த நாளங்களிலிருந்து நீர் கசிவதும் அப்போதுதான். அதைக் கடந்த பிறகும் சோர்வு சிலரை வாரக்கணக்கில் விடுவதில்லை. ஆகவே ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டோம். 13 முதல் 18 வரை ஆறு நாள். 20 தீபாவளி, முன்னும் பின்னும் ஒவ்வொரு நாளையும் சேர்த்துக் கழித்துவிட்டோம். 22ஆம் தேதி ஒரு நாள். மொத்தம் ஏழு நாள், 14 மணி நேரம். தேவை 11. மிச்சம் 3 மணி நேரம், ஏதாவது ஒரு நாள் எழுந்திருக்கவே முடியாமல் போனால் ஈடுகட்ட. கணக்குப்படியும் அதே 23தான் வந்தது.

தீபாவளிக்கு மறுநாளே தருகிறேன் என்று வீரமாக எழுதுபவர்களும் உண்டு. அந்தத் தேதியைப் பார்த்தவுடனேயே இவர் கணக்குப் போடவில்லை என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்.

இனி ஆசிரியர் பக்கம். உள்மதிப்பீட்டு மதிப்பெண்ணைக் கல்லூரி இணையதளத்தில் ஏற்றுவதற்கு ஒரு கடைசி நாள் உண்டு. எங்களுக்கு அந்த முறை அக்டோபர் 31. அதற்குமேல் நான் நினைத்தாலும் ஒரு மதிப்பெண்ணும் சேர்க்க முடியாது. அதை மாணவர்களுக்குக் காட்டி ஒப்பம் வாங்கும் சடங்கு வேறு அதற்கு முன்பே நடக்கும். 30ஆம் தேதி தருகிறேன் என்று கேட்டால் எவ்வளவு இரக்கம் இருந்தாலும் மறுக்கத்தான் வேண்டும். 23 என்றால் படித்துத் திருத்த எனக்கு ஒரு வாரம் கிடைக்கிறது. இந்தக் கடைசி நாளை வகுப்புப் பிரதிநிதியிடமோ துறை அலுவலகத்திலோ கேட்டால் சொல்லிவிடுவார்கள். கேட்டுத் தெரிந்துகொண்டு, "31க்குள் மதிப்பெண் ஏற்ற வேண்டும் என்று அறிவேன்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும், பாதி வேலை முடிந்தது.

கெடு முடிவதற்கு முன் எழுதுங்கள், இரண்டு வரியானாலும்.

அந்தப் பெண்ணுக்கு 3ஆம் தேதி வெள்ளி இரவு காய்ச்சல் தொடங்கியது. 5ஆம் தேதி ரத்தப் பரிசோதனையில் டெங்கு என்று தெரிந்தது. 7 முதல் 10 வரை ஆஸ்பத்திரி. கெடு 13. எழுத வேண்டிய நாள் எது? 10ஆம் தேதி மாலை வீட்டுக்கு வந்தாயிற்று. 11 காலை எழுதியிருக்கலாம். அதைவிட நல்லது, 8ஆம் தேதி படுக்கையிலிருந்தே இரண்டு வரி: "டெங்குவால் மருத்துவமனையில் இருக்கிறேன். 13ஆம் தேதி தர இயலாமல் போகலாம். வீடு திரும்பியதும் எந்தத் தேதியில் தர முடியும் என்று எழுதுகிறேன்." இதில் அவகாசமே கேட்கவில்லை, சேதி மட்டும்தான். பிறகு கேட்கும்போது இது சாட்சியாக நிற்கும்.

கையால் தட்ட முடியவில்லையென்றால் அண்ணனோ தோழியோ உங்கள் முகவரியிலிருந்தே, "அவர் சொல்ல நான் எழுதுகிறேன்" என்று குறிப்பிட்டு அனுப்பலாம். அதில் தவறில்லை. அப்பா பேராசிரியருக்குப் போன் போடுவதைத்தான் தவிர்க்க வேண்டும். பிள்ளை வயது 22.

பொருள் வரியில் பாடத்தின் பெயரை முதலில் வையுங்கள்.

கைப்பேசித் திரையில் பொருள் வரியின் முதல் நாலைந்து சொற்கள்தான் தெரியும். "மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு ஒரு பணிவான" என்று தொடங்கினால் அதோடு வரி வெட்டுப்பட்டு நிற்கும். "கல்வெட்டியல் அசைன்மென்ட்: அக். 23 வரை அவகாசம் வேண்டி" என்றால் திறக்காமலேயே விஷயம் புரிந்துவிடும்.

முடிந்தவரை எழுதியதை இணையுங்கள்.

இதைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு. எழுதிய ஏழு பக்கத்தை அப்படியே PDF ஆக்கி, "இதுவரை எழுதியது" என்று சொல்லி இணைத்துவிடுங்கள். நான் அதைப் படிக்கப் போவதில்லை. திறந்து இரண்டு பக்கம் தள்ளிப் பார்ப்பேன், அவ்வளவுதான். ஆனால் காய்ச்சலால் நின்ற வேலை வேறு, காய்ச்சலைச் சாக்காக வைத்துத் தொடங்கப்படாத வேலை வேறு. அந்த ஏழு பக்கம் இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும். ஒன்றுமே எழுதவில்லையென்றால் அதையும் ஒளிக்க வேண்டாம். "குறிப்புகள் எடுத்திருக்கிறேன், எழுதத் தொடங்கவில்லை" என்பது கேவலமான வாக்கியம் அல்ல.

செய்யக்கூடாதவை

லீவ் லெட்டர் எழுதாதீர்கள்.

விடுநர், பெறுநர், "எனக்கு உடல்நிலை சரியில்லாத காரணத்தால்", கடைசியில் "தங்கள் கீழ்ப்படிந்துள்ள மாணவி". ஆறாம் வகுப்பில் கைக்கு வந்த அச்சு முதுகலை வரை விடுவதில்லை. லீவ் லெட்டர் நடந்ததைச் சொல்லும். இனி நடக்கப் போவதைச் சொல்லாது. இங்கே தேவை இரண்டாவதுதான். மின்னஞ்சலில் அனுப்பியவர், பெறுபவர் முகவரி தானாகவே இருக்கும்போது அதை மறுபடி தட்டுவதும் வீண். "மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம்" போதும். கீழே பெயர், பதிவு எண், வகுப்பு. பதிவு எண் இருந்தால் பதிவேட்டில் உங்களைத் தேட எனக்கு ஐந்து நொடிகூட ஆகாது.

வருகைப் பதிவையும் அசைன்மென்ட்டையும் ஒரே கடிதத்தில் கலக்காதீர்கள்.

75 சதவீத வருகை குறைந்துவிடும், மருத்துவ விடுப்பாகக் கணக்கிட வேண்டும் என்பது வேறு விண்ணப்பம். அது துறைத் தலைவர் வழியாக, மூலச் சான்றிதழோடு, பல இடங்களில் கட்டணத்தோடும் போக வேண்டியது. அசைன்மென்ட் கெடுவைத் தள்ளிப்போடும் அதிகாரம் பெரும்பாலும் அந்தப் பாடத்தை நடத்துகிறவரிடமே இருக்கும். இரண்டையும் ஒரே மின்னஞ்சலில் கேட்டால் நான் அதைத் துறைத் தலைவருக்குத் தள்ளிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். என் கையில் இருப்பதை என்னிடம் மட்டும் கேளுங்கள். நகலில் முதல்வரையும் துறைத் தலைவரையும் சேர்த்து அனுப்புவது இன்னும் மோசம். இன்னும் நான் மறுக்கவே இல்லை, அதற்குள் மேல்முறையீடு எதற்கு?

ஊசி குத்திய கையைப் படம் எடுத்து அனுப்பாதீர்கள்.

ஏன் வேண்டாம் என்று அவளே கேட்டாள். "நம்ப மாட்டீங்கன்னு நினைச்சேன் மேடம்" என்றாள். படத்தில் தேதி இல்லை, பெயர் இல்லை. ஆதாரமாக அது எதையும் நிரூபிக்காது. பார்க்கிறவருக்குச் சங்கடம் மட்டும் மிஞ்சும். டிஸ்சார்ஜ் சம்மரியை முழுதாக அனுப்புவதும் தேவையில்லாதது. அதில் வயது, வீட்டு முகவரி, பழைய நோய்கள், எடுத்த எல்லாப் பரிசோதனைகளும் இருக்கும். அவையெல்லாம் என் இன்பாக்ஸில் கிடக்க வேண்டியவை அல்ல.

வேண்டியது மருத்துவச் சான்றிதழ் ஒன்றுதான். அதில் நான் பார்ப்பவை நான்கு: உங்கள் பெயர், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை ஓய்வு, மருத்துவரின் பதிவு எண், கையெழுத்தோடு கொடுத்த தேதி. அவள் சான்றிதழில் 17ஆம் தேதி வரை ஓய்வு என்று தெளிவாக எழுதியிருந்தது. அதை முதலிலேயே இணைத்திருந்தால் நான் ஒரு கேள்வியும் கேட்டிருக்க மாட்டேன். வெளிச்சத்தில் நேராக வைத்து எடுத்த ஒரே படம் போதும். சுருங்கிய போர்வை மேல் வைத்து எடுத்ததில் பதிவு எண்தான் எப்போதும் மடிப்புக்குள் போய்விடுகிறது.

நோயின் விவரத்தை வேண்டிய அளவுக்கு மேல் சொல்லாதீர்கள். மறைப்பதற்காக வேறு பெயர் சூட்டவும் வேண்டாம்.

தட்டணு எண்ணிக்கை எத்தனைக்கு இறங்கியது, எத்தனை தடவை வாந்தி என்பதெல்லாம் எனக்கு வேண்டாம். சில உபாதைகளை ஆசிரியரிடம், குறிப்பாக ஆண் ஆசிரியரிடம், எழுதக் கூச்சமாக இருக்கும். மனநலச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் அப்படித்தான். அவர்கள் "உடல்நலக் குறைவால் மருத்துவ ஆலோசனையின்படி ஓய்வில் இருந்தேன், சான்றிதழ் இணைத்துள்ளேன்" என்று எழுதினால் போதும். கூச்சத்தை மறைக்க "டைபாய்டு" என்று எழுதிவிட்டு, சான்றிதழில் வேறொன்று இருந்தால் அங்கேதான் சிக்கல் ஆரம்பம்.

இல்லாத சான்றிதழை வாங்காதீர்கள்.

நம் ஊரில் இதற்கு ஒரு தனிக் கிளைக் கதை உண்டு. அம்மை போட்டால் பல வீடுகளில் டாக்டரிடமே போகமாட்டார்கள். வேப்பிலை, இளநீர், தனி அறை, மூன்றாம் தண்ணீர் ஊற்றியதும் கல்லூரிக்குக் கிளம்பல். பத்து நாள் படுத்தவரிடம் ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது. பிறகு யாரோ சொல்லி, முகம் தெரியாத ஒரு கிளினிக்கில் காசு கொடுத்து முன்தேதியிட்ட சான்றிதழ் வாங்கி வருகிறார்கள். உண்மையாகவே நோயுற்றிருந்த பிள்ளை, பொய்ச் சான்றிதழோடு வந்து நிற்கிறது. கண்டுபிடித்துவிட்டால் நான் எதை நம்ப, எதை விட?

சான்றிதழ் இல்லையென்றால் இல்லை என்றே எழுதுங்கள். "அம்மை போட்டிருந்ததால் வீட்டிலேயே இருந்தேன். மருத்துவரிடம் செல்லவில்லை. பெற்றோரின் கடிதத்தை இணைத்துள்ளேன்." விடுதியில் இருந்தால் காப்பாளர் உங்களைத் தனி அறைக்கு மாற்றியதையோ வீட்டுக்கு அனுப்பியதையோ பதிவேட்டில் குறித்திருப்பார். அவர் ஒரு வரி எழுதித் தந்தால் அது காசு கொடுத்து வாங்கிய சான்றிதழைவிட நூறு மடங்கு மேல். கல்லூரி விதி சான்றிதழ் கட்டாயம் என்று சொன்னால் பேராசிரியர் அதைச் சொல்லுவார். அதன்பின் வழி என்ன என்பதையும் அவரிடமே கேட்கலாம்.

மன்னிப்பை மூன்று பத்திக்கு நீட்டாதீர்கள்.

நோய் வந்தது குற்றமல்ல. "சிரமத்துக்கு மன்னிக்கவும்" ஒரு தடவை போதும். கூடவே "இந்த 5 மதிப்பெண் போனால் என் வாழ்க்கையே போய்விடும்" என்கிற வரியும் வேண்டாம். போகாது என்று இருவருக்கும் தெரியும்.

திருத்தி எழுதிய கடிதம்

அவளும் நானும் உட்கார்ந்து எழுதியது இது. 11ஆம் தேதி காலை அனுப்பியதாக வைத்துக்கொண்டு எழுதினோம்.

பொருள்: கல்வெட்டியல் அசைன்மென்ட்: அக். 23 வரை அவகாசம் வேண்டி

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். உத்திரமேரூர் கல்வெட்டுகள் அசைன்மென்ட்டை வரும் 13ஆம் தேதிக்குப் பதிலாக, அக்டோபர் 23 வியாழக்கிழமை மாலை 4 மணிக்குள் தர அனுமதி வேண்டுகிறேன்.

டெங்கு காய்ச்சலால் 7 முதல் 10 வரை மருத்துவமனையில் இருந்தேன். 17ஆம் தேதி வரை ஓய்வெடுக்க மருத்துவர் சொல்லியிருக்கிறார். சான்றிதழை இணைத்துள்ளேன்.

12 பக்கத்தில் 7 பக்கம் முடிந்துள்ளது, அதையும் இணைத்துள்ளேன். ஒப்பீட்டு அட்டவணையும் கடைசி இரண்டு பகுதிகளும் பாக்கி. மதிப்பெண்களை 31க்குள் ஏற்ற வேண்டும் என்று அறிவேன். 23 தாமதம் என்றால், அட்டவணை நீங்கலாக மற்றவற்றை 18ஆம் தேதி தர முடியும்.

4ஆம் தேதி துறையிலிருந்து கோயிலுக்குச் சென்றபோது நான் வரவில்லை. வகுப்புத் தோழி எடுத்த படங்களை, அவர் பெயரைக் குறிப்பிட்டுப் பயன்படுத்த இருக்கிறேன்.

சிரமத்துக்கு மன்னிக்கவும்.

இப்படிக்கு,
பெயர், பதிவு எண்
முதுகலை வரலாறு, முதலாண்டு

கேட்பது முதல் வாக்கியத்திலேயே வந்துவிட்டதைக் கவனியுங்கள். காரணம் இரண்டாவது பத்தியில். நம் பழக்கம் இதற்கு நேர்மாறு: காரணத்தை முழுக்கச் சொல்லி, இரக்கத்தை ஏற்றி, கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்போம். நேரில் பேசும்போது அது மரியாதை. மின்னஞ்சலில் அதுவே படிப்பவரைத் தேட வைக்கும்.

"23 தாமதம் என்றால்" என்ற வாக்கியத்தை முதலில் அவள் "தாங்கள் குறிப்பிடும் எந்தத் தேதியிலும்" என்று எழுதினாள். அடித்துவிட்டேன். போட்ட கணக்கையெல்லாம் அந்த ஒரு வரி அழித்துவிடும். நான் நாளையே தா என்றால் தர முடியுமா? மாற்று வேண்டும், ஆனால் அதுவும் உங்களால் உண்மையிலேயே முடிகிற மாற்றாக இருக்க வேண்டும். 18ஆம் தேதிக்கு ஆறு நாள், 12 மணி நேரம். அட்டவணையை விட்டால் 7 மணி நேர வேலைதான். முடியும்.

படங்களைப் பற்றிய வரியும் யோசித்து எழுதியது. "தோழியின் படங்களைப் பயன்படுத்தலாமா?" என்று கேட்டால் கடிதத்தில் இரண்டு கேள்விகள் ஆகிவிடும். எங்களில் பாதிப் பேர் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லி மற்றதை மறந்துவிடுவோம். "பயன்படுத்த இருக்கிறேன்" என்று சொன்னால் ஆட்சேபம் இருப்பவர் சொல்லுவார், இல்லாதவரின் "சரி" இரண்டுக்கும் சேரும். இந்த உத்தி சின்ன விஷயத்துக்குத்தான். அவகாசத்தையே இப்படி அறிவிப்பாக எழுதினால் திமிர் என்றுதான் படும்.

அனுப்பிய பிறகு

பதில் வராவிட்டால் இரண்டு வேலை நாள் பொறுங்கள். பிறகு புதிதாக எழுதாமல் அதே மின்னஞ்சலுக்குக் கீழேயே, "அம்மா, 11ஆம் தேதி எழுதியதை நினைவூட்டுகிறேன்" என்று ஒரு வரி. எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். பதில் வராததைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கெடு நாளுக்கு முன்தினமும் மௌனம் நீடித்தால், முடிந்த ஏழு பக்கத்தைக் கெடுவுக்குள் சமர்ப்பித்துவிடுங்கள். மறுத்தால்கூட பாதி மதிப்பெண்ணுக்காவது வழி இருக்கும். வாட்ஸ்அப் எண் தெரியும் என்பதற்காக அதில் மறுபடி கேட்க வேண்டாம். "மேடம், மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன்" என்று பகலில் ஒரு தடவை சொல்லலாம். பல ஆசிரியர்கள் மின்னஞ்சலை வாரம் இருமுறைதான் திறக்கிறார்கள் என்பது உண்மைதான்.

ஒப்புதல் வாய்மொழியாகக் கிடைத்தால் அதை எழுத்தாக்குங்கள். நடைவழியில் "சரிம்மா, 23 கொடு" என்று சொன்னதை நான் வகுப்புக்குள் நுழைவதற்குள் மறந்திருப்பேன். "இன்று நீங்கள் சொன்னபடி 23ஆம் தேதி மாலை 4 மணிக்குள் தருகிறேன், நன்றி" என்று அதே மின்னஞ்சல் தொடரில் எழுதிவைத்தால் 46 பேர் கணக்கில் உங்கள் கணக்கு தவறாது.

23ஆம் தேதியும் முடியாது என்று தெரிந்தால் 21ஆம் தேதியே சொல்லுங்கள். இரண்டாவது அவகாசம் கிடைப்பது அரிது. காய்ச்சல் திரும்பி வந்தது போன்ற புதிய காரணமும் புதிய சான்றும் இருந்தால்தான் கேட்கலாம். நேரத்தைத் தவறாகக் கணக்கிட்டுவிட்டேன் என்பது காரணமாகாது. அப்போது முடிந்ததைக் கொடுத்துவிட்டு, கழிகிற மதிப்பெண்ணை ஏற்றுக்கொள்வதே கௌரவம்.

கடைசியாக மென்பொருள். எங்கள் கல்லூரியில் மூடில் பயன்படுத்துகிறோம். அதில் "Due date" என்பது கெடு. "Cut-off date" என்பது கதவு மூடும் நாள். இரண்டாவது தாண்டிவிட்டால், நான் சரி என்று சொல்லியிருந்தாலும் உங்கள் கோப்பை அது வாங்காது. நான் உள்ளே போய் உங்கள் பெயருக்கு எதிரே "Grant extension" கொடுத்து, புதிய தேதியைக் குறிக்க வேண்டும். ஆகவே ஒப்புதல் கிடைத்த அன்றே அந்தப் பக்கத்தைத் திறந்து, உங்களுக்குப் புதிய தேதி காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டவில்லையென்றால் பணிவாக நினைவூட்டுங்கள்.

இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. அக்டோபர் 23 மாலை 3.20க்கு அந்தப் பெண் கோப்பை ஏற்றப் பார்த்திருக்கிறாள், மூடில் வாங்கவில்லை. நான் தேதியை மாற்ற மறந்திருந்தேன். 3.31க்கு எனக்கு மின்னஞ்சல் வந்தது, பழைய தொடரிலேயே, 12 பக்கமும் இணைப்பாக, கீழே முழுப் பெயரும் பதிவு எண்ணும். "மேடம், மூடில் ஏற்றுக்கொள்ளவில்லை. கெடுவுக்குள் இங்கே இணைத்துள்ளேன். திறந்ததும் அங்கும் ஏற்றிவிடுகிறேன்" என்று எழுதியிருந்தாள். மறுநாள் காலையில்தான் பார்த்தேன். இந்த முறை மன்னிப்பு கேட்டு எழுதியது நான்.